பால் காய்ச்சல்: கால்சியத்தை எப்போது நிறுத்துவது, எப்போது கொடுப்பது

கன்று போட்ட பசு ஒரு நாளில் எட்டு லிட்டர் சீம்பால் கறந்தால், அந்தச் சீம்பாலோடு ஏறத்தாழ 16 கிராம் கால்சியம் வெளியே போகிறது. அதே பசுவின் இரத்தத்தில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் எல்லாம் சேர்த்தாலும் 2 கிராம்கூட இருக்காது. 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவை வைத்துச் சொல்லும் கணக்கு இது. எலும்பில் மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் கால்சியம் இருப்பில் இருக்கிறது. ஆனால் அந்த இருப்பைத் திறந்து வேண்டிய வேகத்தில் இரத்தத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த பசு தப்பிக்கிறது. தெரியாத பசு படுத்துவிடுகிறது. பால் காய்ச்சல் என்கிற நோய் இவ்வளவுதான். பெயரில்தான் காய்ச்சல். படுத்த பசுவின் காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும், உடல் வெப்பம் வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும்.

கால்சியம் குறைந்தால் எலும்பு மெலியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது நாள்பட நடப்பது. இங்கே சில மணி நேரத்தில் நடப்பது வேறு. தசை சுருங்குவதற்கே கால்சியம் வேண்டும். கால் தசை, இரைப்பைத் தசை, கருப்பைத் தசை, இதயம், காம்பின் நுனியை இறுக்கி மூடும் தசை என எல்லாமே தளர்ந்துபோகின்றன. அதனால்தான் படுக்காமல் நின்றுகொண்டே இருக்கிற பசுவுக்கும் நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது, தீனி எடுக்காமல் நிற்பது, மடிநோய் வருவது என்று பின்தொல்லைகள் வருகின்றன. அமெரிக்கப் பண்ணைகளில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் ஈற்றும் அதற்கு மேலுமான பசுக்களில் ஏறத்தாழப் பாதிக்கு, கன்று போட்ட ஓரிரு நாளில் கால்சியம் குறைந்தே இருந்தது. அவற்றில் மிகச் சிலதான் படுத்தவை. நம் பக்கத்தில் கவனிக்கப்பட வேண்டியவை மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, நன்றாகக் கறக்கிற ஜெர்சி கலப்பினப் பசுக்கள். ஜெர்சி இரத்தம் கலந்த பசுவுக்கு இந்த ஆபத்து மற்ற இனங்களைவிடக் கூடுதல். தலை ஈற்றுக் கிடாரிக்கு அநேகமாக வராது.

முன்கூட்டிக் கொடுத்த கால்சியம் ஏன் உதவுவதில்லை

இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்ததும் கழுத்திலுள்ள இணைத் தைராய்டு சுரப்பி பாராதைராய்டு ஹார்மோனை விடுகிறது. அந்த ஹார்மோன் மூன்று வேலை செய்கிறது. சிறுநீரில் கால்சியம் வீணாவதைத் தடுக்கிறது, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கச் சொல்கிறது, சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. இப்படி மாறிய வைட்டமின் டி குடலுக்குப் போய், தீவனத்தில் உள்ள கால்சியத்தை அதிகமாக உறிஞ்ச வைக்கிறது. இந்த ஏற்பாடு சூடு பிடிக்க ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். வயதான பசுவுக்கு இன்னும் தாமதமாகும்.

பால் வற்றிய பசுவுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் கால்சியம் கொஞ்சம்தான். அதற்கு மேல் தீவனத்தில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் மேற்சொன்ன ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை. ஹார்மோன் அடங்கிக் கிடக்கிறது, எலும்பு மூடிக் கிடக்கிறது. கன்று விழுந்த அன்று திடீரென்று பல மடங்கு தேவை வரும்போது அது விழித்தெழுவதற்குள் பசு விழுந்துவிடுகிறது. "சினை மாட்டுக்குக் கால்சியம் குடுக்காம எப்படிங்க விடறது?" என்று கேட்காத விவசாயி இல்லை. கடைசி மூன்று வாரம் மட்டும் விடலாம், விட வேண்டும். குறைவாகக் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கப் பழகிக்கொள்கிறது. ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் கொடுத்தால் இந்த நோய் தடுக்கப்படுகிறது என்று 1950-களிலேயே கலிஃபோர்னியாவில் காட்டிவிட்டார்கள்.

பழி முழுவதையும் டானிக் பாட்டில்மேல் போடவும் கூடாது. கால்சியம் டானிக்கின் லேபிளைப் படித்துப் பாருங்கள். 100 மில்லியில் சில கிராம்தான் இருக்கும். பெரிய அளவில் கால்சியம் வருவது நாம் கணக்கிலேயே எடுக்காத இடங்களிலிருந்து: வேலிமசால், குதிரைமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தழைகள், தாது உப்புக் கலவை, கால்சைட் தூள் சேர்த்து வரும் கடைக் கலப்புத் தீவனம், எள்ளுப் புண்ணாக்கு.

இன்னொரு பகுதி பொட்டாசியம். தீவனத்தில் பொட்டாசியம் அதிகமானால் பசுவின் இரத்தம் சற்றுக் காரத்தன்மை கூடுகிறது. அந்த நிலையில் பாராதைராய்டு ஹார்மோன் சுரந்தாலும் எலும்பும் சிறுநீரகமும் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. நார்வே ஆய்வாளர்கள் தொடங்கி வைத்து, 1990-களில் அமெரிக்காவில் ஜெர்சி பசுக்களில் உறுதியான விஷயம் இது. பல பண்ணைகளில் கால்சியத்தைவிட இதுதான் பெரிய காரணம். போதாததற்கு, பொட்டாசியம் இரைப்பையில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. மெக்னீசியம் இல்லாமல் அந்த ஹார்மோன் வேலை செய்யாது.

நம் கட்டுத்தரைகளில் பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது? கொட்டகை கழுவிய தண்ணீர் நேராகப் பாயும்படி, கொட்டகைக்குப் பின்னாலேயே கம்பு நேப்பியர் நட்டிருப்போம். கோமியத்தில் இருக்கும் பொட்டாசியம் அத்தனையையும் அந்தப் புல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பார்ப்பதற்குக் கரும்பச்சையாக, தடித்த தண்டோடு, செழிப்பாக இருக்கும். கறவை மாட்டுக்கு அது நல்ல தீனி. ஈனப்போகும் மாட்டுக்கு அந்தப் பாத்தியிலிருந்து அறுக்கவே கூடாது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. கறவை மாட்டின் வயிறு புளிக்காமலிருக்கச் சேர்க்கும் சமையல் சோடா சோடியம் நிறைந்தது, அதுவும் இரத்தத்தைக் காரமாக்கும். இவை இரண்டும் இந்த மூன்று வாரத்துக்கு வேண்டாம்.

ஒரு பசுவின் தீவனத்தை மாற்றிப் பார்ப்போம்

ஈரோடு மாவட்டத்தில் நான்கைந்து மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்காம் ஈற்றுக்கு நிற்கும் ஜெர்சி கலப்பினம், எடை சுமார் 400 கிலோ. போன ஈற்றில் உச்சத்தில் 20 லிட்டர் கறந்தது, கன்று போட்ட மறுநாள் படுத்து ஊசியில் எழுந்தது. ஒரு முறை வந்த பசுவுக்கு அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம்.

இப்போது அதற்குக் கிடைப்பது: கொட்டகைப் பின்புறத்துக் கம்பு நேப்பியர் 20 கிலோ, வேலிமசால் 8 கிலோ, வைக்கோல் 2 கிலோ, கடைத் தீவனம் 2 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம், கால்சியம் டானிக் 100 மில்லி. கால்சியத்தைக் கூட்டினால் புல்லில் 16 கிராம், வேலிமசாலில் 25-க்கு மேல், வைக்கோலில் 5, கடைத் தீவனத்தில் 15 முதல் 20, தாது உப்பில் 10, டானிக்கில் இரண்டு மூன்று. மொத்தம் 75-ஐத் தாண்டுகிறது. மண்ணுக்கும் தீவன நிறுவனத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் சற்று ஏறி இறங்கும். ஆனால் எது பெரிய பங்கு, எது சிறிய பங்கு என்பது மாறாது.

ஈனும் நாளுக்கு 21 நாள் முன்பிருந்து இதை இப்படி மாற்றுகிறோம். காய்ந்த சோளத்தட்டு 3 கிலோ, வைக்கோல் 2 கிலோ, பச்சை மக்காச்சோளத் தட்டு 8 கிலோ. அடர் தீவனத்தை வீட்டிலேயே கலந்துகொள்ள வேண்டும்: மக்காச்சோள மாவு 1 கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ. தொடக்கத்தில் இந்தக் கலவையில் ஒன்றரைக் கிலோ வைத்து, ஒரு வாரத்தில் 3 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். சாதா உப்பு 20 கிராம் போதும். உப்பு கூடினால் மடி வீங்கும். கடலைப் புண்ணாக்கு கிடைக்காவிட்டால் தேங்காய்ப் புண்ணாக்கு போடலாம், எள்ளுப் புண்ணாக்கு மட்டும் வேண்டாம். வேலிமசால், தாது உப்பு, டானிக் மூன்றும் நிறுத்தம். இதில் கால்சியத்தைக் கூட்டினால் 25 கிராமுக்குப் பக்கத்தில் வரும்.

20 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் முழுப் பலன் என்பது ஆய்வு சொல்வது. நம்மிடம் கிடைக்கும் தட்டையும் வைக்கோலையும் வைத்துக்கொண்டு அவ்வளவு கீழே போவது கடினம். ஆனாலும் 75-லிருந்து 25-க்கு இறங்கியதும், கூடவே பொட்டாசியம் நிறைந்த புல் போனதும் சேர்ந்து நல்ல வித்தியாசத்தைத் தரும். இதோடு மெக்னீசியம் ஆக்சைடு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில், கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அடர் தீவனத்தில் கலக்கலாம். கசப்பாக இருப்பதால் மாவோடு நன்றாகப் பிசைந்து வைக்க வேண்டும்.

மூன்று வாரம் தாது உப்பு இல்லாவிட்டால் துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்தாதுக்கள் குறையுமே என்ற கவலை நியாயமானது. பால் வற்ற வைத்த முதல் ஐந்து வாரமும் தாது உப்பைத் தவறாமல் கொடுத்திருந்தால் இந்த மூன்று வாரம் பெரிதாகப் பாதிக்காது. கால்சியம் சேராத நுண்தாதுக் கலவை கிடைத்தால் அதைக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்ய ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: சினை ஊசி போட்ட தேதி. அதிலிருந்து ஏறத்தாழ 280-ஆம் நாள் கன்று போடும். தேதி எழுதி வைக்காத வீட்டில் மடி இறங்குவதைப் பார்த்துத்தான் தீவனம் மாற்றுவார்கள். அப்போது மிஞ்சியிருப்பது சில நாட்கள் மட்டுமே. ஒரு வாரம் முந்தித் தொடங்கினால் பெரிய நட்டமில்லை, பிந்தினால்தான் பலன் கிடைக்காது. இன்னொன்று, பசு கொழுத்துப்போய் ஈனக் கூடாது. விலா எலும்பைக் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். கொழுத்த பசு ஈனும் தறுவாயில் தீனியைக் குறைத்துக்கொள்ளும், பால் காய்ச்சல் வரும் வாய்ப்பும் கூடும்.

பெரிய பண்ணைக்கு இன்னொரு வழி

இருபது முப்பது மாடு வைத்திருப்பவர்கள் எதிர்மின் உப்புக் கலவை என்று கடையில் வருவதைப் பயன்படுத்துகிறார்கள். அம்மோனியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகள் இதில் இருக்கும். இவை இரத்தத்தைச் சற்று அமிலப் பக்கம் தள்ளி, ஹார்மோனின் சொல்லை எலும்பு கேட்கும்படி செய்கின்றன. வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீரில் பார்க்கலாம். புழைக்குக் கீழே கையால் மெதுவாகத் தடவிவிட்டால் பசு சிறுநீர் விடும். முதல் துளிகளை விட்டு நடுவில் வருவதை பிஎச் காகிதத்தில் பிடிக்க வேண்டும். சாதாரணமாக 8-க்கு மேல் காட்டும். உப்பு வேலை செய்தால் 6-க்கும் 6.8-க்கும் இடையில் வரும். ஜெர்சியில் இன்னும் சற்றுக் கீழே, 5.8 வரை இறங்கலாம். 5.5-க்குக் கீழே போனால் அளவு மிஞ்சிவிட்டது, பசு தீனியைத் தள்ளும்.

ஒரு எச்சரிக்கை: எதிர்மின் உப்பு கொடுப்பவர்கள் கால்சியத்தைக் குறைக்கக் கூடாது. அந்த முறையில் சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகும், தீவனத்திலும் அது இருந்தாக வேண்டும். கால்சியத்தைக் குறைப்பது ஒரு பாதை, எதிர்மின் உப்பு வேறொரு பாதை. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது மோசம். பிஎச் காகிதம் பார்க்கப் பொறுமையில்லாத இடத்தில், அதுவும் நான்கு மாட்டுக்கு, இந்த உப்பை நான் சொல்ல மாட்டேன். கசப்பினால் தீனி குறைந்துவிட்டால் அதுவே தனித் தொல்லையாகும். வைட்டமின் டி3 ஊசியும் அப்படித்தான். ஈனுவதற்கு 2 முதல் 8 நாள் முன்பு போட்டால்தான் பயன். நாள் தவறிவிட்டால் மறுபடி போடத் தோன்றும், மறுபடி போட்டால் நஞ்சாகும்.

கன்று விழுந்த பிறகு

கன்று விழுந்த நிமிடத்திலிருந்து கணக்கு தலைகீழாகிறது. இப்போது கால்சியம் வேண்டும், நிறைய வேண்டும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட பசு நின்றுகொண்டு, தானாக விழுங்கும் நிலையில் இருந்தால், கன்று போட்டதும் ஒரு குப்பி கால்சியம் ஜெல் வாய்வழியாகக் கொடுத்து, 12 மணி நேரம் கழித்து இன்னொன்று கொடுக்கலாம். ஒரு குப்பியில் 40 முதல் 50 கிராம் கால்சியம் இருக்கும்படி பார்த்து வாங்க வேண்டும். முன்னே சொன்ன டானிக்கோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். படுத்துக் கிடக்கும், விழுங்கத் திணறும் பசுவுக்கு இதை ஊற்றவே கூடாது.

அன்றே வேலிமசாலும் தாது உப்பும் திரும்ப வருகின்றன. தாது உப்பு 50 கிராமுடன் கால்சைட் தூள் 50 கிராம் சேர்த்து, பால் ஏற ஏறக் கூட்டிக்கொள்ளலாம். அடர் தீவனத்தை மட்டும் ஒரேயடியாக ஏற்றாமல் நாளுக்கு அரைக் கிலோ என்று ஏற்ற வேண்டும். சீம்பால் முதலில் கன்றுக்கு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் போக வேண்டும், அதில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்துக்குள். மிச்சத்தை ஆபத்துள்ள பசுவில் முதல் நாள் ஒட்டக் கறக்காமல் விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஓரளவு உதவலாம். ஆனால் மடியில் பழைய நோயிருந்தால் பாலை மிச்சம் வைப்பது நல்லதல்ல. அதை மட்டுமே நம்பியிருப்பதும் சரியில்லை.

அப்படியும் படுத்துவிட்டால்

பெரும்பாலும் கன்று போட்ட 72 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் நாளில்தான் வரும். எனவே முதல் இரண்டு இரவும் யாராவது ஒரு முறை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பசு நின்றுகொண்டே நடுங்கும், பின்னங்கால் விறைத்தபடி அடியெடுத்து வைக்கத் தயங்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், தீனியில் வாய் வைக்காது. இது ஒரு மணி நேரம்கூட நீடிக்காது என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். அடுத்தது படுக்கை. தலையைத் திருப்பித் தன் விலாவின்மேல் வைத்துக்கொள்ளும், கழுத்து வளைந்து நெளிந்து நிற்கும், மூக்கு நுனி காய்ந்திருக்கும், காது குளிர்ந்திருக்கும், சாணியும் சிறுநீரும் நின்றிருக்கும். இதையும் விட்டால் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு உப்பி, நினைவு தப்பி, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

தலையைத் திருப்பிப் படுத்ததைப் பார்த்தவுடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். அவர் வருகிற வரை செய்ய வேண்டியது ஒன்றே. பசுவை நெஞ்சு தரையில் பதிய நேராக உட்கார வைத்து, சாயாமல் இருபுறமும் வைக்கோல் திணித்த சாக்குகளை அணைத்து வையுங்கள். சிமெண்ட் தரையானால் கீழே தடிமனாக வைக்கோல் போடுங்கள். கருப்பட்டித் தண்ணீர், எண்ணெய், கஷாயம் எதையும் பாட்டிலில் ஊற்றாதீர்கள். தொண்டைத் தசையும் தளர்ந்திருப்பதால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். பால் காய்ச்சலில் பிழைத்து, நிமோனியாவில் செத்த பசுக்கள் உண்டு. காய்ச்சல் ஊசியும் வேண்டாம்.

மருத்துவர் கால்சியம் போரோகுளுகோனேட்டை நரம்பில் ஏற்றுவார். 45 கிலோ எடைக்கு 1 கிராம் கால்சியம் என்பது பொதுக் கணக்கு. எனவே 400 கிலோ பசுவுக்கு ஒரு பாட்டில். உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே, பத்து முதல் இருபது நிமிடம் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அனுபவமில்லாத கையால் பசு சாவது அநேகமாக இந்த இடத்தில்தான். நின்றுகொண்டிருக்கும் பசுவுக்கு "முன்னெச்சரிக்கையாக" நரம்பில் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இரத்தத்தில் திடீரென்று ஏறிய கால்சியம் பசுவின் சொந்த ஏற்பாட்டை அடக்கிவிட்டு, சில மணி நேரத்தில் முன்னைவிடக் கீழே இறக்கும்.

மருந்து ஏறும்போதே பலன் தெரியும். தசை நடுங்கும், ஏப்பம் வரும், மூக்கு நுனியில் ஈரம் அரும்பும், ஒரு சாணி போடும். பெரும்பாலான பசுக்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். எழுந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நான்கில் ஒரு பங்குப் பசுக்கள் மறுநாளுக்குள் திரும்பவும் படுக்கும். அதனால் எழுந்து, நன்றாக விழுங்கத் தொடங்கிய பிறகு, எட்டுப் பத்து மணி நேரத்தில் ஒரு குப்பி ஜெல் கொடுப்பது வழக்கம்.

எழாத பசுவை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே காலின்மேல் படுத்துக் கிடந்தால் அந்தத் தொடைத் தசை நசுங்கிச் செத்துப்போகும், பிறகு கால்சியம் எவ்வளவு ஏற்றினாலும் எழாது. தெளிவாகப் பார்த்துக்கொண்டு, தீனி தின்றுகொண்டு, பின்னங்கால்கள் மட்டும் அகன்று வழுக்கினால் அது ஈனும்போது இடுப்பு நரம்பு நசுங்கியதாக இருக்கலாம். மடி ஒரு பக்கம் வீங்கிச் சுட்டு, பால் தண்ணீராகவோ திரிந்தோ வந்தால் கொடிய மடிநோயாக இருக்கலாம். அதிலும் பசு படுத்துவிடும், காது குளிரும். இரண்டாம் பாட்டிலுக்கும் அசையாத பசுவுக்கு மூன்றாவது ஏற்றும் முன், மடியையும் கால்களையும் கருப்பையையும் மருத்துவர் ஒருமுறை முழுதாகச் சோதிக்கட்டும். பாஸ்பரஸோ மெக்னீசியமோ குறைந்திருக்கிறதா என்று பார்க்க இரத்த மாதிரியும் எடுக்கச் சொல்லுங்கள்.